பணி நிறைவு வீடியோ: ஆண்டு வரிசையா, தலைப்பு வரிசையா, மாணவர் குரலா?

ஆசிரியரின் பணி நிறைவு விழாவுக்கு வீடியோ செய்யலாம் என்று பழைய மாணவர்கள் கூடினால், படங்களை எந்த வரிசையில் கோப்பது என்பதில்தான் முதல் சண்டை வரும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஆண்டு வரிசையில் போகலாம் என்பார் ஒருவர். வகுப்பறை, விளையாட்டு விழா, சுற்றுலா என்று தலைப்பு வைத்துப் பிரிக்கலாம் என்பார் இன்னொருவர். மூன்றாவது வழியை யாரும் எளிதில் சொல்வதில்லை. மாணவர்கள் பேசியதை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி படங்களை வைப்பதுதான் அது.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி, அங்கே 1992 ஜூனில் சேர்ந்து 33 ஆண்டுகள் ஒரே இடத்தில் கணக்கு நடத்திய டீச்சர், எட்டு நிமிட வீடியோ என்று வைத்துக்கொண்டு மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டு வரிசை கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் படங்கள் கைக்கு வந்ததும் அது நொண்டும். 1990களில் ஆண்டுக்கு ஒரு குரூப் போட்டோ, சிலேட்டில் ‘10-ஆ’ என்று எழுதி முன்வரிசைப் பையன் மடியில் வைத்திருப்பது, அவ்வளவுதான். எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்த பிறகோ படம் கொட்டிக் கிடக்கிறது. டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓட்டு வீடும் கூரை வீடும் திறந்துகொண்டன. பல வீடுகளில் ஆல்பம் நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஆக, இருப்பதை அப்படியே ஆண்டு வரிசையில் வைத்தால் முதல் பதினைந்து ஆண்டு ஒரு நிமிடத்தில் ஓடிவிடும், கடைசி ஐந்து ஆண்டு மீதி நேரத்தை எல்லாம் தின்றுவிடும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் 45 வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலமே வரவில்லையே என்று தோன்றும்.

தலைப்பு வரிசை இந்தப் பள்ளத்தை மறைக்கும். ‘சுற்றுலா’ என்று போட்டுவிட்டால் கல்லணையில் எடுத்த 1997 படமும் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த 2019 படமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எடிட் செய்வதும் சுலபம். எனக்கு இதில் மனம் ஒட்டாததற்குக் காரணம், டீச்சருடைய வயது முன்னும் பின்னும் குதிப்பதுதான். கறுத்த தலை, நரைத்த தலை, மறுபடி கறுத்த தலை என்று மாறி மாறி வந்தால் 33 ஆண்டு கடந்த உணர்வே வராது. அதோடு எந்தப் பள்ளியில் எடுத்தாலும் விளையாட்டு விழாப் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். இவர் யார் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது வழியில் வேலை அதிகம். ஆனால் படமே இல்லாத ஆண்டுகளையும் ஒரு குரல் நிரப்பிவிடும். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘டீச்சரைப் பத்தி ரெண்டு வார்த்தை அனுப்புங்க’ என்று கேட்டால் நாற்பது பேரும் ‘அன்பானவர், கண்டிப்பானவர்’ என்றே அனுப்புவார்கள். அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: ‘வகுப்பில் நடந்த ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க. டீச்சர் சொன்ன வார்த்தையை அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.’ அப்போது கிடைப்பது இப்படி இருக்கும்:

“எனக்குப் பின்னம் ஏறவே ஏறாது. டீச்சர் ஒருநாள், ‘உங்க அப்பாவுக்கு எத்தனை மா நிலம்?’னு கேட்டாங்க. நாலுன்னேன். ‘இருபது மா ஒரு வேலி. அப்போ உங்களுது வேலியில எத்தனை பங்கு?’ன்னாங்க. அஞ்சுல ஒண்ணுன்னு வாயில தானா வந்துச்சு. ‘இதுதான்டா பின்னம், உக்காரு’ன்னாங்க.”

இதற்கு 1996 வகுப்பறைப் படம் தேவையில்லை. பேசியவர் இன்று தன் வயல் வரப்பில் நிற்கும் படம் ஒன்று, அவர் செட்டின் குரூப் போட்டோ ஒன்று, போதும். குரூப் போட்டோவில் முதலில் முழு வரிசையும் தெரியட்டும், பிறகு மெதுவாக டீச்சர் முகத்துக்குப் போகலாம். தனி ஆள் படத்துக்கு நான்கு விநாடி போதும். குரூப் போட்டோவுக்கு எட்டு விநாடியாவது கொடுங்கள், ஏனென்றால் பார்க்கிறவர் முதலில் தன்னைத் தேடுவார், பிறகுதான் டீச்சரைப் பார்ப்பார்.

ஒவ்வொருவர் பேச்சையும் 25 விநாடிக்குள் வெட்டுங்கள். ‘வணக்கம் டீச்சர், என் பேரு, நான் 96 செட்’ என்று தொடங்கும் பகுதியைத் தயங்காமல் எடுத்துவிடலாம், பெயரும் செட்டும் திரையில் எழுத்தாக வந்துவிடும். ஆறு பேர் போதும். ஒரே மாதிரி சம்பவத்தை மூன்று பேர் சொல்லியிருந்தால் நன்றாகச் சொன்னவர் ஒருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் முகத்தைக் கடைசியில் படமாகக் காட்டலாம். இல்லாவிட்டால் விழா முடிந்ததும் மனத்தாங்கல் வரும்.

இந்த ஆறு பேரை மட்டும் செட் வரிசையில் வைத்தால் ஆண்டு வரிசை கேட்டவர்களும் சமாதானமாகிவிடுவார்கள். நம் டீச்சருக்கு நான் எழுதினால் வரிசை இப்படிப் போகும்: முதல் செட்டின் குரூப் போட்டோ மேல் அந்த செட் மாணவி ஒருவரின் குரல், அப்புறம் மா கணக்கு, 2000களின் கல்லணைச் சுற்றுலா, கஜாவுக்குப் பிறகு பள்ளி திறந்த அன்றைய நினைவு, இன்றைய பத்தாம் வகுப்பு, உடன் வேலை பார்த்தவர்கள், குடும்பம். பின்னணிக் குரலுக்கு இணைக்கும் வேலை மட்டும்தான். கஜா பகுதிக்கு இவ்வளவு எழுதினால் போதும்:

“2018 நவம்பர். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நோட்டும் புத்தகமும் நனைந்துபோன பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். அன்று டீச்சர் கணக்கு நடத்தவில்லை.”

இதற்கு அடுத்து அந்த வகுப்பில் இருந்த ஒருவர், டீச்சர் அன்று என்ன செய்தார் என்று சொல்வார். பின்னணிக் குரலே அதையும் சொல்லிவிட்டால் மாணவர் வாயில் மிஞ்ச ஒன்றும் இருக்காது. நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் எழுதினால் படிப்பவர் ஓட ஆரம்பித்துவிடுவார், அதையும் கவனியுங்கள்.

ஒரு விதிவிலக்கு. டீச்சர் அரசுப் பள்ளிக்காரர், கலந்தாய்வில் மாறி மாறி ஐந்து ஊர் பார்த்தவர் என்றால் என் ஓட்டு ஆண்டு வரிசைக்கு. அங்கே ஒவ்வொரு பள்ளியும் ஒரு பகுதியாகத் தானே பிரியும். வேதாரண்யத்துக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள், திருவாரூர்க்காரர்கள் தங்கள் முறைக்கு.

எந்த வழியானாலும் படம் சேகரிப்பது ஒன்றுதான். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். சட்டம் போட்ட பழைய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிடும். திண்ணை நிழலுக்குக் கொண்டுபோய், ஃபிளாஷை அணைத்து, கண்ணாடியில் உங்கள் நிழலுருவம் விழாதபடி சற்று விலகி நின்று செல்போனில் எடுங்கள். காலமானவர்கள் இருக்கும் படங்களை வைக்கலாமா என்று டீச்சர் வீட்டில் யாரையாவது முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேடையில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று கணவர் முகத்தைத் திரையில் பார்ப்பது எல்லோருக்கும் தாங்காது.

விழா பகலில், பள்ளி மைதானத்தில், ஷாமியானாவுக்குக் கீழே என்றால் புரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. எல்இடி திரை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் கதவை மூடக்கூடிய வகுப்பறைக் கட்டடத்துக்கு மாறுங்கள். முந்தின நாளே மைக் செட்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்து அவருடைய ஸ்பீக்கரிலேயே ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். ஹெட்போனில் சரியாக இருந்த பின்னணி இசை அங்கே மாணவர் குரலை விழுங்கிக்கொண்டிருக்கும்.