ராயல்டி கேட்கும் கம்பெனியா, ‘ஜீரோ ராயல்டி’ கம்பெனியா?

டீக்கடை, பிரியாணி, சிக்கன் என்று வளர்ந்துவரும் எந்த பிராண்டின் ஃபிரான்சைஸ் விவரத்தை எடுத்தாலும் முதலீடு இத்தனை லட்சம், இடம் இத்தனை சதுர அடி என்றுதான் ஆரம்பிக்கும். அதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம், கம்பெனி மாதாமாதம் உங்களிடமிருந்து எந்த வழியாகச் சம்பாதிக்கிறது என்பதில் இருக்கிறது. விற்பனையில் பங்காக ராயல்டி வாங்குவது ஒரு வகை. ராயல்டியே வேண்டாம், சரக்கை மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்பது இன்னொரு வகை. பணத்தைப் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம் என்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டீக்கடையில் நாள் விற்பனை 12,000 ரூபாய் என்று வையுங்கள், மாதம் 3,60,000. ராயல்டி 6 சதவீதம் என்றால் 21,600. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,888. ஆக 25,488 ரூபாய். உணவகத்துக்கு வாடிக்கையாளரிடம் 5 சதவீத வரி வாங்கும் முறையில் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்காக வாங்கும்போது நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை, திரும்ப எடுக்க முடியாது. அதனால் அந்த 3,888 முழுக்க உங்கள் செலவுதான். ஆரம்பத்தில் கட்டும் ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கும் இதே கதை: 4 லட்சம் என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 4,72,000.

ஜீரோ ராயல்டி கடையில் இந்தச் செலவு இல்லை. ஆனால் டீத்தூள், மசாலா, கப், ஸ்நாக்ஸ் எல்லாம் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். இதே விற்பனைக்கு வெளிச்சந்தையில் 1,37,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கலாம் என்று வைப்போம். கம்பெனி விலை 20 சதவீதம் கூட என்றால் 1,64,400. அதாவது 27,400 ரூபாய் அதிகம். ராயல்டியைவிடக் கூடுதலாகவே போய்விட்டது, ரசீதில் மட்டும் அந்தப் பெயர் இல்லை. விற்பனை படுத்தால் இன்னும் மோசம். ராயல்டி விற்பனையோடு சேர்ந்து குறையும். ‘மாதம் இவ்வளவுக்குக் கட்டாயம் சரக்கு எடுக்க வேண்டும்’ என்ற விதி இருந்தால் அது குறையாது. எடுத்த மசாலா ரேக்கில் காலாவதித் தேதியை எண்ணிக்கொண்டு இருக்கும்.

அதற்காக ஜீரோ ராயல்டி என்றாலே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அமுல் பார்லர் ராயல்டி வாங்குவதில்லை. ஆனால் அங்கே பாக்கெட் பொருளுக்கு எம்ஆர்பி அச்சிட்டிருக்கிறது, அதில் கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே தெரியும். பிராண்ட் பெயர் போட்ட மசாலா பொட்டலத்துக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க விலை ஏது? எனவே டோக்கன் பணம் கொடுக்கும் முன் சரக்கு விலைப்பட்டியலைக் கேளுங்கள். அதே அளவு கப், அதே தர டீத்தூள் என்று நாலு ஐட்டத்தை உங்கள் ஊர் மொத்த வியாபாரியிடம் விசாரித்தாலே கணக்கு புரியும். ‘அக்ரிமென்ட் போட்ட பிறகு தருகிறோம்’ என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ராயல்டி வகையில் கேட்க வேண்டியது வேறு. ஸ்விக்கி, ஸொமேட்டோ ஆர்டரில் ராயல்டி முழு பில்லுக்கா, அவர்கள் கமிஷன் பிடித்த பிறகு வரும் தொகைக்கா? டெலிவரி அதிகமுள்ள பிரியாணிக் கடைக்கு அக்ரிமென்டில் உள்ள இந்த ஒரு வாசகம் லாப நஷ்டத்தையே மாற்றும்.

கம்பெனியே கடையை நடத்தும் மூன்றாவது வகை எனக்குப் பிடிக்கவில்லை. விற்பனை எப்படியிருந்தாலும் மாதம் இவ்வளவு உறுதி என்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் கடையிலிருந்து அந்தப் பணம் எப்படி வரும்? அடுத்தடுத்து சேருகிறவர்களின் பணத்திலிருந்து வந்தால் அது எத்தனை நாளுக்கு? வாடகை ஒப்பந்தமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் யார் பெயரில் என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால், அவர்கள் கிளம்பிப்போன பிறகு கட்டட உரிமையாளரும் அதிகாரியும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

கம்பெனி நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தை வைத்தே அவர்களை ஓரளவு கணிக்கலாம். கடையின் முகப்பு அகலம், வாடகை, கடன் எவ்வளவு, தினமும் நீங்கள் கடையில் இருப்பீர்களா என்றெல்லாம் துருவினால் நல்லது. கடை ஓடினால்தான் அவர்களுக்கும் வருமானம். பெயர், போன் நம்பர், பட்ஜெட் மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் ‘சார், உங்க ஏரியாவுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கு, இன்னைக்கே 50,000 போட்டுடுங்க’ என்று போன் வந்தால், அவர்கள் தேடுவது கடைக்காரரை அல்ல. பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் பிராண்டே பொய்யாக இருக்கலாம். பெரிய பிராண்டுகள் பெயரில் போலி ஃபிரான்சைஸ் தளங்கள் உலவுகின்றன. அமுலே இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

கடையில் தானே நிற்கப்போகிறவருக்கு நான் சொல்வது ராயல்டி வகைதான். கையெழுத்துக்கு முன் அந்த பிராண்டில் இரண்டு வருடம் தாண்டிய கடைக்காரர் ஒருவரிடமாவது பேசுங்கள். அந்த ஆளை கம்பெனி கைகாட்டக் கூடாது, நீங்களே தேடிப் போக வேண்டும். மாலை கூட்டத்தில் போகாதீர்கள், மதியம் மூன்று மணிக்குப் போனால் மனம்விட்டுப் பேசுவார்.