தள்ளுபடியா, இடைநிறுத்தமா?

சந்தாவை ரத்து செய்ய வந்தவரிடம் மூன்று மாதம் பாதி விலை என்றால் பலர் ஏற்பார்கள். ஒரு மாதம் சந்தாவை நிறுத்தி வைக்கலாம் என்றால் சிலரே. அன்றைய டாஷ்போர்டில் தள்ளுபடிதான் ஜெயிக்கும். அதை நான் நம்புவதில்லை.

வருபவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்குத் தள்ளுபடியும் ஒன்றுக்கு இடைநிறுத்தமும் காட்டி, மூன்றாவதற்குச் சலுகையே காட்டாமல் விடுங்கள். ஆறாம் மாதம் முழு விலை கட்டுபவர்களை, ஏற்றவர் மறுத்தவர் எல்லோரையும் சேர்த்து, எண்ணுங்கள். உதாரணமாக, தள்ளுபடியை நூற்றுக்கு 30 பேர் ஏற்றும் நான்காம் மாத முழு விலை பில்லுக்குப் பிறகு, ஆறாம் மாதம் மிஞ்சுவது 9 என்று வைப்போம். சலுகை காணாத பிரிவிலேயே 7 பேர் தாமாகத் திரும்பியிருந்தால், நிகர லாபம் இரண்டே பேர். ஏற்றவர்களில் பெரும்பாலோர் கிளம்புவதைத் தள்ளிப்போட்டவர்கள்.

இடைநிறுத்தத்தை 12 பேரே ஏற்று, கடைசியில் மறுத்தவர்களையும் சேர்த்து 13 பேர் இருந்தால் அதுவே மேல். ஆனால் இடைநிறுத்தம் முடிந்து தானாகப் பணம் பிடிக்கப்பட்டதைக் கவனிக்காதவர்களும் அதில் இருப்பார்கள். லாகின் செய்கிறார்களா என்றும் பாருங்கள்.