ஃபேன் வைத்த ஸ்டாண்டில் ஒன்றரை வருடம்: பிஎஸ்5 குளிர்ந்ததா, தூசிதான் இடம் மாறியதா?

பிஎஸ்5 வாங்கிய சில மாதங்களில் நானும் எல்லாரையும் போல ஒரு கூலிங் ஸ்டாண்ட் வாங்கினேன். அடியில் இரண்டு சின்ன விசிறி, பக்கத்தில் இரண்டு கன்ட்ரோலருக்கு சார்ஜர், முன்னால் ஒரு நீல விளக்கு. கன்சோலின் யூஎஸ்பி போர்ட்டில் சொருகினால் விசிறி சுற்றும். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன், காற்றின் சூடு குறைந்த மாதிரி இருந்தது. சரி, காசு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு தப்பு என்று தெரிய எட்டு மாதம் ஆனது.

முதலில் இந்தப் பெட்டிக்குள் காற்று எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். பிஎஸ்5 வெளிவருவதற்கு முன்பு, 2020 அக்டோபரில், சோனியே அதைப் பிரித்துக் காட்டும் வீடியோவை வெளியிட்டது. உள்ளே 120 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரே பெரிய விசிறி. அது இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றை இழுக்கும். காற்று வெள்ளை மூடிகளின் முன்பக்க இடுக்குகள் வழியாக உள்ளே வந்து, சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கைத் தாண்டி, முழுக்கப் பின்பக்கமாக வெளியேறுகிறது. நெட்டுக்கு நிறுத்தினால், ஸ்டாண்டின் விசிறி ஊதுவது கன்சோலின் அடிப்பகுதியில். கன்சோலின் சொந்த விசிறி காற்றை இழுக்கும் முக்கிய வழி அங்கே இல்லை. அடியில் முட்டிய காற்று ஓரமாக நழுவி மேலே போகும். அதில் பெரும்பங்கு பின்பக்கம் வெளியே வரும் சூடான காற்றோடு கலக்கும்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஒரு நாள் சந்தேகம் வந்து, இரண்டு கம்பி முனை கொண்ட தெர்மோகப்பிள் வெப்பமானி ஒன்றையும், சுவர் ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டரையும் வாங்கினேன். ஒரே விளையாட்டில் ஒரே சேவ் பாயிண்டில் ஆளை அப்படியே நிறுத்திவிட்டு 45 நிமிடம் விடுவது, அப்புறம் குறித்துக்கொள்வது. இதுதான் முறை. அவ்வளவு நேரம் ஏன் என்றால், ஹீட்சிங்கும் பெட்டியும் சூடேறி ஒரு நிலைக்கு வர அரை மணிக்கு மேல் ஆகிறது. பத்து நிமிடத்தில் எடுத்த அளவை வைத்து முடிவு சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அன்று அறை 29 டிகிரி. கன்சோல் டிவி அலமாரிக்குள் இருந்தது. முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் பலகை. வாட் மீட்டர் 200-ஐ ஒட்டிக் காட்டியது. ஒரு முனையை முன்பக்க இடுக்கின் வாயிலும், மற்றதைப் பின்பக்க கிரில்லிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளியும் வைத்தேன். ஸ்டாண்ட் விசிறி இல்லாமல் பின்பக்கம் 55, விசிறியைப் போட்டதும் 50. ஐந்து டிகிரி குறைந்துவிட்டதே! பிறகு அதே முனையை கிரில்லின் கம்பிகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன். விசிறி இல்லாமல் 57. விசிறி போட்டாலும் 57. வெளியே தெரிந்த ஐந்து டிகிரி, வெளியேறிய பிறகு சூடான காற்றில் வேறு காற்று கலந்ததால் வந்தது. வடித்த கஞ்சியில் தண்ணீர் ஊற்றிவிட்டு உலை ஆறிவிட்டது என்று சொல்வது போல. அதற்கு முன்பு என் கைக்குத் தெரிந்த குளிர்ச்சியும் இதேதான். பிளாஸ்டிக் மேல் துப்பாக்கி வெப்பமானியைக் காட்டி அளந்தாலும் இதே ஏமாற்றுதான் நடக்கும்.

அதைவிட முக்கியமான எண் முன்பக்கத்தில் இருந்தது. அறை 29 என்றேன் அல்லவா, கன்சோல் உள்ளே இழுத்த காற்று 36 டிகிரி! பின்பக்கப் பலகையில் மோதிய சூடான காற்று சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழைந்துகொண்டிருந்தது. சோனியின் கையேட்டில் இந்தக் கன்சோல் வேலை செய்ய வேண்டிய சூழல் 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. அறை அந்த எல்லைக்குள் நன்றாகவே இருந்தது, அலமாரிதான் தாண்டிவிட்டது. ஸ்டாண்ட் விசிறி இங்கே செய்தது, அதே 36 டிகிரிக் காற்றை அலமாரிக்குள்ளேயே கிளறியதுதான். விசிறி காற்றைக் குளிர வைக்காது. அது நகர்த்தும் காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவுதான் கன்சோலுக்குக் கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். உள்ளே போகும்போது 36, வெளியே வரும்போது 57, வித்தியாசம் 21 டிகிரி. 200 வாட் வெப்பத்தை 21 டிகிரி வித்தியாசத்தில் எடுத்துப்போக நொடிக்குச் சுமார் 8 லிட்டர் காற்று வேண்டும். கன்சோலின் சொந்த விசிறி அதை ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் இருக்கும்வரை, உள்ளே வரும் காற்றில் ஒரு டிகிரி குறைத்தால் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரு டிகிரி குறையும். அதனால் வெளியிலிருந்து நாம் செய்யக்கூடிய உருப்படியான வேலை, நுழையும் காற்றின் சூட்டைக் குறைப்பதுதான்.

சோதித்துப் பார்க்க, ஸ்டாண்டின் விசிறியை நிறுத்திவிட்டு, கன்சோலை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே மேசையில் வைத்தேன், பின்னால் ஒரு முழம் இடம் விட்டு. உள்ளே போகும் காற்று 30, வெளியே வருவது 51. ஒரு பைசா செலவில்லாமல் ஆறு டிகிரி. போனில் இருக்கும் சத்த மீட்டர் சரியான அளவு காட்டாது, ஆனால் ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்; அதில் 3 டெசிபல் குறைந்தது. அதாவது கன்சோலின் விசிறியும் கொஞ்சம் நிதானமாகியிருந்தது. இது கவனிக்க வேண்டிய விஷயம். விசிறியின் வேகத்தைக் கன்சோலே தீர்மானிக்கிறது, நல்ல காற்று கிடைத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே லாபம் சில சமயம் டிகிரியாகத் தெரியாது, சத்தமாகத் தெரியும்.

வீட்டில் அலமாரிக்கு வெளியே வைக்க அனுமதி கிடைக்கவில்லை. (சின்னக் குழந்தை இருக்கிற வீடு, வாதாட முடியாது.) அதனால் பின்பலகையின் மேல் மூலையில் 120 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று அறுத்து, 5 வோல்ட்டில் ஓடும் கணினி விசிறியை வெளியே ஊதும்படி மாட்டினேன். டிவியின் யூஎஸ்பியில் சொருகியதால் டிவி போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். முன்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே வரக் காற்றுக்கு வழி உண்டு. கதவு போட்ட அலமாரி என்றால் கீழே இன்னொரு திறப்பு வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும். இப்போது உள்ளே போகும் காற்று 31-இல் நிற்கிறது. வெளி விசிறி ஒன்று உண்மையிலேயே வேலை செய்து நான் பார்த்தது இந்த ஒரே இடத்தில்தான். அது கன்சோலில் ஒட்டவே இல்லை, அலமாரியில் இருக்கிறது.

பின்பக்க கிரில்லில் கவ்விக்கொள்ளும் வகையையும் நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். வரிசையாக மூன்று குட்டி விசிறி. சுற்றும்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆனால் கழற்றாமல் விட்டபோது, உள்ளே வெளியே வித்தியாசம் 21-லிருந்து 23 ஆனது. காற்றோட்டம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய விசிறிக்குப் பின்னால் சின்ன விசிறியை வைத்தால் அது உதவியாளாக இருப்பதைவிட முட்டுக்கட்டையாக இருப்பதே அதிகம். இடுக்குகளில் ஒட்டும் வலைத் துணியும் இதே ரகம். தூசி படியப் படிய அதுவே மூச்சை அடைக்கும்.

தூசிக்கு வருவோம். ஸ்டாண்டை எட்டு மாதம் ஓட்டிய பிறகு வெள்ளை மூடிகளைக் கழற்றினேன். அடி ஓரம் முழுக்க, ஒரு நாணயத்தின் தடிமனுக்குச் சாம்பல் நிறப் பட்டை, கம்பளித் துணி மாதிரி. விரலால் உருட்டினால் சுருண்டு வந்தது. ஸ்டாண்டின் விசிறி இதழ்களிலும் அதே. தரைக்கு அருகில் இருக்கும் விசிறி மேல்நோக்கி ஊதினால் தரையில் இருப்பதைத்தானே தூக்கும்? ஆனால் இவ்வளவு எப்படி என்று யோசித்தபோது காரணம் செட்டிங்ஸில் கிடைத்தது. ரெஸ்ட் மோடில் `Supply Power to USB Ports` என்பதை `Always` என்று வைத்திருந்தேன், கன்ட்ரோலர் சார்ஜ் ஆகட்டும் என்று. நான் விளையாடியது நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஸ்டாண்ட் விசிறி ஓடியது 24 மணி நேரமும், உள்ளே கன்சோல் தூங்கிக்கொண்டிருக்க. அதை `Off` ஆக்கி, விசிறியையும் நிறுத்தி, சுத்தம் செய்து, மறுபடி எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். அடி ஓரத்தில் மெல்லிய படலம் மட்டும். நடு விசிறியைச் சுற்றி மட்டும் ஏறக்குறைய முன்பு இருந்த அளவே தூசி. அது கன்சோலே இழுப்பது, அதைத் தவிர்க்க முடியாது.

சுத்தம் செய்யும்போது ஒயரைப் பிடுங்கிவிட்டு, மூடிக்கு அடியில் தூசி சேர்வதற்கென்றே விட்டிருக்கும் இரண்டு ஓட்டைகளில் வேக்குவம் குழாயைக் குறைந்த வேகத்தில் வைத்தால் போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங்குக்கு நல்லதல்ல.

இதையெல்லாம் செய்தும் "அதிகம் சூடாகிவிட்டது" என்று கன்சோல் அணைந்தால், பின்னால் கை வையுங்கள். விசிறி கத்துகிறது, காற்று கொஞ்சமாக வருகிறது, ஆனால் சுடுகிறது என்றால் உள்ளே தூசி அடைப்பு. விசிறி கத்துகிறது, காற்றும் நிறைய வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பம் சரியாகப் போகவில்லை. என் தம்பியின் பழைய பிஎஸ்4 ப்ரோ அப்படித்தான் இருந்தது. அவனும் இரண்டு ஸ்டாண்ட் மாற்றிப் பார்த்துவிட்டான். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்து மண் மாதிரி உதிர்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும் அடங்கியது. பிஎஸ்5-இல் அந்த இடத்தில் இருப்பது திரவ உலோகம், மின்சாரத்தைக் கடத்தும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.