10 சதவீதம் மலிவா, 14 சதவீதம் மலிவா?

1,20,000 கடன் வேண்டும், 24 மாதத் தவணையில் அடைக்கலாம். ஒருவர் 10% பிளாட் ரேட் என்கிறார். இன்னொருவர் 14%, ஆனால் குறையும் நிலுவைக்கு வட்டி என்கிறார். யாரும் முதலாமவர் பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் இந்த இரண்டில் மலிவானது 14% கடன்தான்.

முதல் கடனின் கணக்கு ரொம்ப எளிது. 1,20,000க்கு ஆண்டுக்கு 10% என்றால் 12,000. இரண்டு ஆண்டுக்கு 24,000. அசலோடு சேர்த்தால் 1,44,000. 24ஆல் வகுத்தால் மாதம் 6,000.

இரண்டாவதில் ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு என்ன பாக்கியோ அதற்கு மட்டும்தான் வட்டி. மாதத் தவணை சுமார் 5,762. முதல் மாதம் அதில் 1,400 வட்டிக்குப் போகும், மீதி 4,362 அசலில் கழியும். அடுத்த மாதம் பாக்கி குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும். கடைசித் தவணையில் வட்டி 66 அளவுக்குத்தான் இருக்கும். மொத்த வட்டி சுமார் 18,280. அதாவது 14% என்று சொன்னவரிடம் 5,700க்கும் மேல் மிச்சம்.

எங்கே இடிக்கிறது? பிளாட் ரேட்டில் மாதாமாதம் 5,000 அசலைத் திருப்பிக் கொடுக்கிறோம், ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு 1,20,000க்கே நடக்கிறது. கடைசி மாதத்தை மட்டும் பாருங்கள். பாக்கி அசல் 5,000. அதற்கு அந்த ஒரு மாத வட்டி 1,000! எனக்கு இந்த விஷயம் உறைத்தது இந்த ஒரு வரியில்தான். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நம் கையில் இருந்த கடன் பாதியை ஒட்டித்தான். வட்டியோ முழுத் தொகைக்கு. அதனால் உண்மையான விகிதம் சொன்னதைப் போல இரண்டு மடங்கை நெருங்குகிறது.

சரியாக எவ்வளவு என்று அறிய விரிதாளில் ஒரே வரி போதும். தவணைகளின் எண்ணிக்கை, மாதத் தவணை, கைக்கு வந்த தொகை, இந்த மூன்றையும் கொடுக்க வேண்டும்:

```
=RATE(24,-6000,120000)*12
```

விடை 0.1816, அதாவது 18.16%. ஆக, ஒப்பிட வேண்டியது 10ஐயும் 14ஐயும் அல்ல, 18.16ஐயும் 14ஐயும். விரிதாள் கைவசம் இல்லையென்றால் பிளாட் விகிதத்தை 1.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக் கடன்களுக்கு, பிளாட் விகிதம் 10ஐ ஒட்டி இருந்தால், இது ஓரளவு சரியாக வரும்.

சூத்திரத்தில் ‘கைக்கு வந்த தொகை’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முன்கூட்டியே 3,000 கட்டணம் பிடித்துக்கொண்டு 1,17,000தான் கொடுக்கிறார்கள் என்றால் 120000 இருக்கும் இடத்தில் 117000 போட வேண்டும். விகிதம் சுமார் 20.8% ஆகிவிடும். குறையும் நிலுவைக் கடனிலும் இப்படிக் கட்டணம் ஒளிந்திருக்கலாம், அதனால் இரண்டையும் இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பிளாட் ரேட் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. தவணையும் மொத்தத் தொகையும் முதல் நாளே தெரிந்துவிடுகிறது, கணக்கு யாருக்கும் புரிகிறது. 7% பிளாட் ரேட்டின் உண்மை விகிதம் இதே 24 மாதத்துக்கு 13 சதவீதத்தை ஒட்டி வரும், அது மேலே சொன்ன 14% கடனைவிட மலிவு. தவறு, இரண்டு வேறு அளவுகோல்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான்.

அப்புறம், பலரும் கேட்க மறப்பது, கடனைப் பாதியில் முடித்தால் என்ன என்பது. 12 தவணை கட்டியபின் கையில் பணம் வருகிறது, அடைத்துவிடலாம் என்று போகிறீர்கள். 14% கடனில் பாக்கி சுமார் 64,170. அதோடு முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். பிளாட் கடனில் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். வட்டித் தள்ளுபடி கிடையாது என்றால் மீதி 12 தவணையையும் கேட்பார்கள், அதாவது 72,000. இன்னும் பிறக்காத மாதங்களுக்கும் சேர்த்து வட்டி. சில ஒப்பந்தங்களில் ‘78இன் விதி’ என்றொரு கணக்கு இருக்கும். முதல் மாதங்களில் அதிக வட்டியும் பின்மாதங்களில் குறைந்த வட்டியும் வைத்துப் பிரிப்பார்கள். அதன்படி 24,000 வட்டியில் 6,240 தள்ளுபடியாகும், கட்ட வேண்டியது 65,760. ஒரே கடன், ஒரே தேதி, 6,240 வித்தியாசம்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன், 12ஆம் மாதம் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.