கடையில் சொன்ன நாலு ஜிபி கிராஃபிக்ஸ்: பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய கம்ப்யூட்டரோடு இரண்டரை வருடம்

மின்வாரியத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் போன வாரம் போன் செய்தார். "நீ வாங்கினியே, அந்தப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அதே மாதிரி ஒண்ணு எனக்கும் வாங்கலாமா? லீவுக்குப் பசங்க வர்றாங்க. கேம் எல்லாம் ஓடுமா?" என்றார். போனில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பெட்டி அப்போதுதான் ரிப்பேருக்குப் போய் வந்திருந்தது, அந்தக் கோபமும் கூடவே இருந்தது. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

2023 ஏப்ரலில், திருச்சியில், ஆபீஸ்களில் ஓடிக் கழித்த பெட்டிகளைச் சுத்தம் செய்து விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி. அலமாரித் தட்டில் படுக்கவைக்கிற மாதிரி ஒல்லியான பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். பெங்களூரிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகளும் மே மாத லீவுக்கு வருவார்கள். அதற்கு முந்தின வருட லீவு முழுக்க என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். "கேம் எல்லாம் தாராளமா ஓடும் சார், நாலு ஜிபி கிராஃபிக்ஸ் இருக்கு" என்றார் கடைக்காரர். எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மனசு கேட்கவில்லை. அடுத்த வீட்டுத் தம்பி ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"தம்பி, இதுல பேரப்பிள்ளைங்க விளையாடுற கேம் ஓடுமா?"

"என்ன கேம் ஐயா?"

"அதாம்பா, பசங்க விளையாடுறது."

"பேர் தெரியாம ஓடுமா ஓடாதான்னு சொல்ல முடியாதுங்கய்யா. ஒரு கேமுக்கு இதுவே ஜாஸ்தி. இன்னொண்ணுக்கு இது பத்தவே பத்தாது."

மகளுக்குப் போன் போட்டேன். பேரன் பிடுங்கிக்கொண்டு சொல்லச் சொல்ல, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். மைன்கிராஃப்ட், அதுவும் ஜாவா எடிஷன். பேத்திக்கு ரோப்லாக்ஸ். மூன்றாவதாகக் கார் ஓட்டுகிற ஃபோர்சா ஹொரைசன் 5. தம்பி அந்தத் தாளை வாங்கி ரோப்லாக்ஸுக்கு நேரே "ஓடும்" என்றும், மைன்கிராஃப்டுக்கு நேரே "பார்க்கணும்" என்றும் எழுதினார். மூன்றாவதற்கு நேரே எழுதியது "ஓடாது". அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"நாலு ஜிபி கிராஃபிக்ஸ் இருக்குன்னு சொன்னாரே?" என்றேன். தம்பி விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வந்த சின்னப் பெட்டியில் இதை அடித்தார்.

```
dxdiag
```

அதில் Display பக்கத்தைத் திறந்தால் Display Memory என்ற வரியில் 128 MB என்றிருந்தது. அதற்குக் கீழே Shared Memory என்ற வரியில் நாலாயிரத்தை ஒட்டி ஒரு எண். "அவர் சொன்ன நாலு ஜிபி இதுதான் ஐயா. இது தனியா உள்ள மெமரி இல்ல. உங்க எட்டு ஜிபியில பாதி வரைக்கும் படம் வரைய எடுத்துக்கலாம்னு விண்டோஸ் போட்டு வச்சிருக்கிற கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டே இதுல கிடையாது, பிராசசருக்குள்ள இருக்கிறதுதான் வரையுது." ஃபோர்சாவுக்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி தனி மெமரி உள்ள கார்டு வேண்டும், டிஸ்கிலும் 110 ஜிபி இடம் வேண்டும் என்றார். பேரனிடம் எப்படிச் சொல்வது என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைக்காரர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் விற்கிற பொருளில் இருக்கிற எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்வது விற்கிறவர் கடமை.

மறுநாளே மைன்கிராஃப்டைப் போட்டுப் பார்த்தோம். F3 அழுத்தினால் இடது மூலையில் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று தெரியும். 30க்கும் 40க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் ஓடித் திரும்பினால் படம் அப்படியே நின்று நின்று வந்தது. தம்பி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரிப் பக்கத்தில் Slots used என்ற இடத்தைக் காட்டினார். மெமரி செருகுகிற நான்கு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பட்டிருந்தது.

"இன்னொரு எட்டு ஜிபி மெமரிக் குச்சி வாங்கிப் போடுங்க. எட்டு பதினாறு ஆகுதுங்கிறதுக்காக இல்ல, வழி ரெண்டாகும்" என்றார். எனக்கு இந்த விஷயம் உடனே பிடிபட்டது. ஒரே சர்வீஸ் ஒயரில் பம்பு மோட்டாரும் வீட்டு விளக்கும் இருந்தால், மோட்டார் எடுக்கும்போது விளக்கு மங்கும். இங்கேயும் அதே கதைதான். தனிக் கார்டு இருந்தால் அதற்கு அதன் சொந்த மெமரி இருக்கும். இதில் கணக்குப் போடுகிற வேலையும் படம் வரைகிற வேலையும் ஒரே மெமரியை ஒரே வழியில் இழுக்கின்றன. ஒரு குச்சி இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 21 ஜிபிதான் அந்த வழியில் போக முடியும். சரியான இடத்தில் இரண்டாவது குச்சி போட்டால் அது 42 ஆகிறது.

அதே வேகமுள்ள குச்சி, டிடிஆர்4, 2666. அப்போது 1,600 ரூபாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, தம்பி போட்டுக் காட்டினார். குச்சியின் அடியில் உள்ள வெட்டு, ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் டக் டக் என்று சத்தம் வர வேண்டும். மறுபடி மைன்கிராஃப்ட், மறுபடி F3. அதே இடத்தில் 60ஐ ஒட்டி நின்றது, திணறல் போய்விட்டது. பிராசசர் அதே, விண்டோஸ் அதே, கேம் அதே. முப்பத்து நாலு வருடம் லோடு பார்த்தவன் நான். 1,600 ரூபாய்க்கு இவ்வளவு பலன் தந்த வேலையை அதிகம் பார்த்ததில்லை.

மே மாதம் பிள்ளைகள் வந்தார்கள். பேரன் ஆட, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து "அங்க தோண்டு, இங்க தோண்டு" என்று சொல்ல, ஒரு மாதம் அந்த முன்னறை கலகலவென்று இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மைன்கிராஃப்டில் நம் வீட்டையே கட்டினார்கள், கொல்லைக் கிணறு உட்பட. அந்த வீடு இன்னும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்புறம் 2024 மே, 2025 மே. பெட்டி ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. விண்டோஸ் 11க்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் மாறியது. எட்டாம் தலைமுறை என்பதால்தான் அது நடந்தது. ஆறு, ஏழு என்று இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்.

இனி ரிப்பேர் கதை. செப்டம்பரில் ஒரு நாள் ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தியது, திரையில் ஒன்றும் வரவில்லை. தம்பி ஊரில் இல்லை. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். தூசி அடைத்திருக்கிறது என்று சுத்தம் செய்து, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்தார்கள். நன்றாக ஆன் ஆனது. 16 ஜிபி காட்டியது. நானும் திருப்தியாக இருந்தேன்.

தசரா லீவுக்குப் பேரன் வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம், "தாத்தா, இது முதல் முதல்ல இருந்த மாதிரி திணறுது" என்றான். நான் நம்பவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், 16 ஜிபி, இரண்டு ஸ்லாட், எல்லாம் சரி. "நெட் ஸ்லோவா இருக்கும்டா" என்றேன். அவன் F3 அழுத்திக் காட்டினான். 35.

தம்பி வந்து CPU-Z என்ற சின்ன மென்பொருளைப் போட்டு, மெமரிப் பக்கத்தில் Channel என்ற கட்டத்தைக் காட்டினார். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. மூடியைக் கழற்றினால் விஷயம் தெரிந்தது. இந்தப் பெட்டியில் இரண்டு ஸ்லாட்டுக்கு வெள்ளைக் கொக்கி, இரண்டுக்குக் கறுப்புக் கொக்கி. இரண்டு குச்சியும் வெள்ளைக் கொக்கியில் இருக்க வேண்டும். சர்வீஸ் கடையில் ஒன்றை வெள்ளையிலும் மற்றொன்றைக் கறுப்பிலும் செருகியிருந்தார்கள், இரண்டும் ஒரே வழியில் போய் விழுந்துவிட்டன. மெமரி முழுசாகத் தெரியும், வழி மட்டும் பாதியாகிவிடும். தம்பி குச்சியின் பொன்னிறப் பல்லை அழிரப்பரால் துடைத்து, இடம் மாற்றிச் செருகினார். ஐந்து நிமிட வேலை. மறுபடி 60.

சுத்தம் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஃபேனில் ஒரு துளி தூசி இல்லாமல் துடைத்திருந்தார்கள், பீப் சத்தமும் போய்விட்டது. ஆனால் கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? பேரன் உட்கார்ந்து பார்க்காவிட்டால் நான் ஆயுசுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பசங்க திணறுகிறது என்று சொன்னால் நம்ப வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? இவ்வளவும் சொல்லிவிட்டு, இதே பெட்டியை வாங்காதே என்றுதான் சொல்வேன். பேரனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்தக் கார் கேமை அவன் மறக்கவில்லை, கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒல்லிப் பெட்டியில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். பவர் சப்ளை 200 வாட், கார்டுக்குத் தனி ஒயரும் கிடையாது. ஸ்லாட் வழியாகக் கிடைக்கிற 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டாகத் தேட வேண்டும், அது கிடைத்தாலும் நான் பெட்டிக்குக் கொடுத்ததை ஒட்டிய விலை. அதே தலைமுறையில் உயரமான டவர் பெட்டி இரண்டு மூன்றாயிரம்தான் கூட. அதை வாங்கினால் பிள்ளைகள் வளர வளர அதுவும் கூட வளரும். மெமரி விலை இப்போது ஏறிக் கிடக்கிறது, அதனால் இரண்டு குச்சி போட்டதாகவே கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர் சனிக்கிழமை கடைக்குப் போகிறார். முதலில் பேரனிடம் கேமின் பெயரை எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன். CPU-Z பென் டிரைவில் இருக்கிறது.