கையேட்டிடம் கேள்வி கேட்கும் வசதி: இரண்டாம் ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

சேலத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் கையேடு நூற்றுச் சொச்சம் பக்கம். சேர்க்கை நாளில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்கிறோம். பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. சந்தேகம் வந்தால் நேரே அலுவலகச் சன்னலில் வரிசை கட்டிவிடுவார்கள். அந்த வரிசையைக் குறைப்பதற்காகக் கையேட்டின் மேல் ஒரு கேள்வி-பதில் வசதியை எங்கள் துறையிலேயே கட்டினோம். இரண்டாவது கல்வியாண்டாக ஓடுகிறது. பதிலை எழுதித் தரும் மொழி மாதிரியின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. தவறாக வந்த பதில்களைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் சரியான பத்தி அதன் கைக்குப் போகவே இல்லை, அல்லது குலைந்துபோய்ச் சேர்ந்திருக்கிறது.

அமைப்பு எளிமையானது. கையேட்டைச் சிறு பத்திகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பத்தியையும் எம்பெடிங் மாதிரி ஓர் எண் வரிசையாக மாற்றுகிறது. நாங்கள் பயன்படுத்தும் `multilingual-e5-base` பத்திக்கு 768 எண்கள் தரும். மாணவர் கேட்கும் கேள்வியும் அப்படியே எண்களாகும். பொருளில் நெருங்கியவை எண்களிலும் நெருங்கியிருக்கும் என்பதால், மிக நெருங்கிய நான்கைந்து பத்திகளை எடுத்துக் கேள்வியுடன் மொழி மாதிரிக்குக் கொடுத்து, இவற்றை மட்டும் வைத்துப் பதில் சொல்லச் சொல்கிறோம். சில நூறு பத்திகளுக்கு, இப்படிப்பட்ட எண் வரிசைகளைச் சேமித்துத் தேடும் வெக்டர் டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம். கோப்பில் சேமித்த ஓர் எண் அட்டவணையே போதும். சாதாரணக் கணினியிலும் கண் இமைக்கும் நேரத்தில் தேடிவிடும்.

அதிகம் வரும் கேள்வி வருகைப்பதிவைப் பற்றியது. எங்கள் கையேட்டில் அதற்கு இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை இருக்கிறது: 75 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் தேர்வு எழுதலாம், 65 முதல் 74 வரை என்றால் கட்டணம் செலுத்தி விலக்குப் பெற வேண்டும், 50 முதல் 64 வரை என்றால் இந்தப் பருவத்தில் எழுத முடியாது, அடுத்த பருவத்தில் எழுதலாம், 50க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். ஒரு மாணவர், "என் வருகை 68, தேர்வு எழுதலாமா?" என்று கேட்டதற்கு, "இந்தப் பருவத்தில் எழுத முடியாது" என்று பதில் போயிருந்தது. நல்ல வேளை, அந்தப் பையன் நேரில் வந்து கேட்டான்.

பதிலுக்காக எடுக்கப்பட்ட பத்தியைத் திறந்து படித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவிய நிரல் அட்டவணையை வரிசை வரிசையாக எடுக்காமல் மேலிருந்து கீழாக எடுத்திருந்தது. முதலில் நான்கு சதவீதங்கள், அவற்றுக்குப் பின் நான்கு விளைவுகள். எதற்கு எது என்ற உறவே அதில் இல்லை. மாதிரி தனக்குத் தோன்றியபடி இணைத்துவிட்டது, அதுவும் துளியும் தயங்காத தொனியில்.

அட்டவணைகளை எல்லாம் கையால் முழு வாக்கியங்களாக எழுதிவிட்டோம். இங்கே ஒரு நுணுக்கம். ஒவ்வொரு வரிசையையும் தனிப் பத்தியாக்கினால் இன்னொரு சிக்கல் வரும். 68 என்பது 65க்கும் 74க்கும் இடையில் இருக்கிறது என்பது எம்பெடிங்குக்குத் தெரியாது. அது பொருளைத்தான் ஒப்பிடுகிறது, எண்களின் அளவை அல்ல. நான்கில் எந்த வரிசை முன்னால் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நான்கு வாக்கியங்களையும் ஒரே பத்தியில், "பருவத் தேர்வுக்கான வருகைப்பதிவு" என்ற தலைப்போடு வைத்தோம். பத்தியைக் கண்டுபிடிப்பது எம்பெடிங்கின் வேலை, 68 எங்கே விழுகிறது என்று பார்ப்பது மொழி மாதிரியின் வேலை. அதன் பிறகு இந்தக் கேள்விக்குத் தவறான பதில் வந்து நான் பார்க்கவில்லை.

விடுதி விதிகளின் கதை வேறு. அந்தப் பகுதி தமிழில், பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அச்சில் அழகாக "விடுதி" என்று தெரிகிறது. நகலெடுத்தால் `tpLjp` என்று வருகிறது. எம்பெடிங் மாதிரிக்கு அது பொருளற்ற எழுத்துக் கூட்டம். பிழைச் செய்தி எதுவும் வராது. விடுதி பற்றிக் கேட்டால் மட்டும் எப்போதும் நூலக விதி வந்து நிற்கும். உருவிய எழுத்தைக் கண்ணால் படித்தால்தான் பிடிபடும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு அது தீர்ந்தது.

தமிழுக்கென்றே இருக்கும் இன்னொரு பொறி டோக்கன் அளவு. எம்பெடிங் மாதிரி எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். எங்கள் மாதிரி ஒரு பத்தியில் 512 டோக்கன் வரைதான் படிக்கும். மீதியைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். ஒட்டுகள் சேர்ந்த நீண்ட தமிழ்ச் சொல் பல டோக்கன்களாக உடைகிறது. ஆகவே ஆங்கிலப் பத்திக்குச் சரியாக இருந்த சொல் கணக்கைத் தமிழுக்கும் வைத்தால், பத்தியின் வால் தேடலுக்கு எட்டாது. விதிவிலக்குகள் எப்போதும் அந்த வாலில்தானே இருக்கின்றன! இப்போது பத்திகளைச் சேர்க்கும் முன் இதை ஓட்டுகிறோம்:

```python
for i, p in enumerate(passages):
    ids = model.tokenizer("passage: " + p, truncation=False)["input_ids"]
    if len(ids) > model.max_seq_length:
        print(i, len(ids))
```

அந்த `passage: ` என்ற முன்னொட்டையும் விட்டுவிடக் கூடாது. கேள்விக்கு முன்னால் `query: ` வர வேண்டும். இந்த மாதிரி அப்படித்தான் பயிற்சி பெற்றது. விட்டால் தேடல் தரம் இறங்கும்.

இன்றுவரை முழுதாகத் தீராதது, கையேட்டில் பதிலே இல்லாத கேள்வி. ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வரும் மாணவர்கள் எங்களிடம் உண்டு. கனமழையில் இருபது கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்த மலைப்பாதை அடைபட்டால் அவர்களால் வர முடியாது. அந்த நாள் வருகையில் கழியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் தேடல் வெறுங்கையோடு திரும்பாது. இருப்பதில் நெருங்கியதை எடுத்துவரும். மருத்துவ விடுப்பு விதி வந்தது. அதை வைத்து, "மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் சலுகை உண்டு" என்று பதில் கிடைத்தது. மழைக்கு எந்த மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குவது?

நெருக்க மதிப்பு குறைந்தால் பதில் சொல்லாதே என்று ஓர் எல்லை வைக்கலாம் என்று தோன்றும். இந்த மாதிரியில் அது சுலபமல்ல. இதன் மதிப்புகள் பெரும்பாலும் 0.7க்கும் 1.0க்கும் இடையில்தான் விழுகின்றன; சம்பந்தமில்லாத பத்திகூட உயர்ந்த மதிப்பு வாங்கும். எல்லையைக் கூட்டினால் நல்ல கேள்விகளும் அடிபடுகின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் மாணவர்களின் கேள்விகள்தான் முதலில் அடிபடும்.

நாங்கள் வேறு வழிக்குப் போனோம். பதிலுடன், அதற்கு ஆதாரமான வாக்கியத்தையும் கையேட்டிலிருந்து மாற்றாமல் எடுத்துத் தரச் சொல்கிறோம். கொடுத்த பத்திகளில் அந்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று ஒரு சிறு நிரல் பார்க்கும். இல்லாவிட்டால் பதில் போகாது. "அலுவலகத்தில் கேளுங்கள்" என்று மட்டும் போகும். இட்டுக்கட்டிய விதிகளை இது நிறுத்திவிட்டது. மழைக் கேள்வி போன்றவற்றை இது பிடிக்காது, ஏனென்றால் மருத்துவ விடுப்பு வாக்கியம் உண்மையிலேயே கையேட்டில் இருக்கிறது. அதற்காகத்தான் ஆதார வாக்கியத்தையும் பக்க எண்ணையும் பதிலுக்கு மேலே, பெரிய எழுத்தில் காட்டுகிறோம். தன் கேள்விக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை என்பது படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

கட்டணத்தை மட்டும் இதனிடம் விடவில்லை. சேர்ந்த ஆண்டுக்கு ஆண்டு தொகை மாறுகிறது. பழைய கையேட்டுப் பத்தியும் புதியதும் ஓர் எண்ணைத் தவிர ஒரே மாதிரி இருப்பதால் எம்பெடிங் இரண்டையும் பிரித்தறியாது. கட்டணம் பற்றிய கேள்வி என்று தெரிந்தால், மொழி மாதிரியைத் தொடாமல், அந்த மாணவர் சேர்ந்த ஆண்டின் அட்டவணைப் பக்கத்தை அப்படியே திறந்துவிடுகிறோம்.