மாடித் தொட்டி கழுவ ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

மதுரை திருநகரில் இருக்கிறோம். மாடியில் 1000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. மாநகராட்சித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் அதில்தான் ஏறுகின்றன. போன மாதம் வாசலில் செருகியிருந்த துண்டறிக்கையைப் பார்த்து, தொட்டி கழுவ ஆள் கூப்பிட்டேன். கூலி 1200 ரூபாய். அந்தக் காசைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது.

இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டுத் தண்ணீரை வடித்தார்கள். பிறகு அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவியைத் தொட்டிக்குள் நீட்டிச் சுவரெல்லாம் அடித்தார்கள். ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவி, உடனே மோட்டாரைப் போடச் சொன்னார்கள். எல்லாம் இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் நிரம்பியதும் பளபளக்கும் சுவரைப் போட்டோ எடுத்துக் காட்டினார்கள். "மாதம் ஒரு முறை கழுவவில்லை என்றால் நோய் வரும் சார்" என்று சொல்லி, 6000 ரூபாய்க்கு ஓராண்டு ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மாலையே ஷவரில் தண்ணீர் நூலாக வந்தது. மறுநாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் அதன் குழாய் முனையில் இருக்கும் சிறு வலையைக் கழற்றிக் காட்டினார். அடை அடையாகச் சேறும் மணலும்.

அவர் என்னை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டியதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும் குழாய் தொட்டியின் அடியில் இல்லை, அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. வண்டல் கீழே தங்கட்டும், தெளிந்த நீர் மட்டும் இறங்கட்டும் என்பதற்காக வைத்த இடைவெளி அது. எங்கள் தொட்டியின் குறுக்களவுக்கு அந்த இரண்டு அங்குலத்தில் ஏறக்குறைய 45 லிட்டர், அதாவது மூன்று வாளி நிற்கும். குழாயைத் திறந்து எவ்வளவு நேரம் வடித்தாலும் அது போகாது. வந்தவர்கள் அதை அள்ளவே இல்லை. வீட்டுக்கு இறங்கும் அந்தக் குழாயை அடைக்கும் கேட் வால்வையும் மூடாமல் பீய்ச்சியடித்தார்கள். கிடந்த சகதி கலங்கி எழுந்து, பாதி வீட்டுக் குழாய்களுக்குள் இறங்கியது. மீதி மறுபடியும் தொட்டியின் அடியிலேயே படிந்தது. சகதிக்கு மேல் தண்ணீரை நிறுத்தி எடுத்ததுதான் அந்தப் போட்டோ.

குழாய்களையும் கெய்சரையும் சரிசெய்ய 1800 ரூபாய் ஆனது. துண்டறிக்கையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், "உங்கள் வீட்டு பைப் பழசு" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு சேர்ந்து நானே கழுவினேன். குழாய்வழி தண்ணீர் வடிந்ததும், முதலில் கேட் வால்வை இறுக மூடினோம். அடியில் நின்ற கலங்கலை முறத்தாலும் பஞ்சாலும் வாளியில் அள்ளினோம். சுவரை நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்தோம். தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, தேய்த்தே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் கொசு தன் முட்டையை நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில்தான் வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் சாகாது. தேய்த்து அலசிய அழுக்குத் தண்ணீரையும் வாளியில்தான் வெளியேற்றினோம், குழாய்வழி விடவில்லை.

அதன் பிறகுதான் பிளீச்சிங் பவுடர். புதிதாக வாங்கிய பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 150 கிராம் போதும். திறந்து வைத்துப் பழசான பொட்டலத்தில் வீரியம் இருக்காது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி நிரப்பினோம். குடிநீர் வடிகட்டும் இயந்திரத்துக்குப் போகும் இணைப்பை மூடினோம், குளோரின் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். வால்வைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் பிளீச்சிங் வாடை வரும்வரை விட்டு மூடினோம். இரவு முழுக்க அப்படியே நின்றது. காலையில் அத்தனையையும் வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஏற்றினோம். தூவிய கையோடு மோட்டாரைப் போட்டு, அந்தத் தண்ணீரையே எங்களைப் புழங்க வைத்தார்களே, அது வேலையா?

மாதா மாதம் கழுவ வேண்டும் என்பதும் பொய். மூடி இறுக்கமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். நான் சித்திரைத் திருவிழாவுக்கு முன் ஒன்று, சரஸ்வதி பூஜைக்கு வீடு கழுவும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரில் நுண்மணல் வந்தாலோ மூடி விரிசல் விட்டிருந்தாலோ மூன்று மாதத்தில் பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்தால் அடியில் வண்டல் தெரியும். அந்த வண்டல், குழாய்க்குக் கீழே இருக்கும் இரண்டு அங்குலத்தில் பாதியை எட்டிவிட்டால் மாதக் கணக்கைப் பார்க்காதீர்கள், அன்றே கழுவுங்கள்.

ஆள் வைத்தே கழுவுவதானால், வேலை தொடங்கும் முன் "எந்த வால்வை மூடுவீர்கள், அடிச் சகதியை எதால் அள்ளுவீர்கள்?" என்று கேளுங்கள். வாளியும் பஞ்சும் கொண்டு வராதவரை மாடியேற விடாதீர்கள். தண்ணீர் நிரப்பும் முன், தொட்டி காலியாக இருக்கும்போதே நீங்கள் ஏறிப் போய் அடியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.